வீடு கட்டும் மண் மழையில் இறங்குமா? அத்திவாரம் வெட்டுமுன் பார்க்க வேண்டியவை

பல வருடங்களுக்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியிருக்கிறீர்கள். பற்றையை வெட்டி, வளவைத் துப்புரவாக்கி, தற்காலிகக் கொட்டிலையும் போட்டுவிட்டீர்கள். அடுத்த வேலை வீடு. பெரும்பாலான குடும்பங்கள் கோடையிலேயே அத்திவாரம் வெட்டத் தொடங்குகின்றன. மழை இல்லை, பாதையில் லொறி வரும், மேசனும் கிடைப்பார். வெட்டும்போது மண் கெட்டியாக இருக்கும். அலவாங்கு போட்டால்தான் இளகும். "இந்த மண்ணுக்கு என்ன குறை?" என்று மனதுக்குள் ஒரு நிம்மதி வரும்.

அந்த நிம்மதியை ஒரு நாள் தள்ளி வையுங்கள். காய்ந்திருக்கும்போது கல்லுப்போல இருக்கும் சில மண்கள், நன்றாக நனைந்ததும் தாமாகவே இறங்கிவிடும். மேலே பாரம் கூடத் தேவையில்லை, தண்ணீரே போதும். அப்படிப்பட்ட மண்ணின் மேல் கோடையில் கட்டிய சுவர், ஐப்பசி, கார்த்திகை மழையில் வெடிக்கிறது. உங்கள் வளவில் அப்படியான இடம் இருக்கிறதா என்பதைப் பெரிய இயந்திரங்கள் இல்லாமல், மண்வெட்டியும் தண்ணீர் வாளியும் கொண்டு எப்படிப் பார்ப்பது என்பதே இந்தப் பகுதி.

முதலில் ஒரு கட்டாய விடயம்

கீழே சொல்லப்படும் எல்லாச் சோதனைகளுக்கும் நிலத்தைத் தோண்ட வேண்டும். மிதிவெடி அகற்றும் குழுவினர் பரிசோதித்து, பாதுகாப்பானது என்று கையளித்த காணியில் மட்டும் தோண்டுங்கள். பழைய பதுங்குகுழி, மண் அணை, காவலரண் இருந்த இடங்களில் வெடிக்காத வெடிபொருட்கள் ஆழத்திலும் புதைந்திருக்கலாம். மேற்பரப்புத் துப்புரவாகி இருந்தாலும் அது எவ்வளவு ஆழம் வரை பரிசோதிக்கப்பட்டது என்று உங்கள் கிராம சேவையாளர் ஊடாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். தோண்டும்போது சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பி வந்து அறிவியுங்கள்.

மண் ஏன் இறங்குகிறது?

ஒரு பெட்டியில் நெருப்புப் பெட்டிகளை ஒழுங்கில்லாமல் கொட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி நிறைந்ததுபோல் தெரியும், ஆனால் இடையிடையே நிறைய வெற்றிடம் இருக்கும். சில மண்களும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. மணல், வண்டல் துகள்கள் நெருக்கமாக அடுக்கப்படாமல், ஒன்றையொன்று மூலையில் தொட்டுக்கொண்டு நிற்கும். தொடும் இடங்களில் கொஞ்சம் களியோ உப்போ பசைபோலப் பிடித்திருக்கும். மண்ணில் மிஞ்சியிருக்கும் மெல்லிய ஈரப்படலமும் துகள்களை இழுத்துப் பிடிக்கும். கடற்கரையில் ஈர மணலில் பிள்ளைகள் கட்டும் வீடு நிற்பதும் இந்த இழுவையால்தான்.

மண் நன்றாக நனையும்போது இந்த மூன்று பிடியும் ஒன்றாக விடுபடுகின்றன. களி இளகுகிறது, உப்புக் கரைகிறது, வெற்றிடம் முழுவதும் தண்ணீர் நிறைவதால் ஈரப்படலத்தின் இழுவை இல்லாமல் போகிறது. பிடி போனதும் துகள்கள் சரிந்து வெற்றிடத்துக்குள் இறங்குகின்றன. ஒரு முறை இறங்கிய மண் காய்ந்தாலும் பழைய மட்டத்துக்குத் திரும்பி வராது.

உலகில் இப்படிப்பட்ட மண்ணுக்கு மிகவும் அறியப்பட்ட உதாரணம் லோயஸ் என்ற மஞ்சள் மண். காற்று வாரிக்கொண்டு வந்து படியவைத்த நுண்ணிய புழுதி அது. வட சீனாவில் மஞ்சள் ஆறு ஓடும் மேட்டு நிலத்தில் நூறு மீற்றருக்கும் கூடிய தடிப்பில் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் விழாது. அங்குள்ள மக்கள் அதைக் குடைந்து தலைமுறை தலைமுறையாக வீடாக்கி வாழ்ந்திருக்கிறார்கள். அதே மண்ணில் தண்ணீர் ஊறினால் நிலம் திடீரென்று இறங்கும்.

லோயஸ் அல்லாத மண்ணிலும் இது நடக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் வோக்கின் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மண் மழை குறைவான காலநிலையில் ஒருபோதும் ஆழமாக நனையாமலே கிடந்தது. அங்கே பெரிய கால்வாய் வெட்டுவதற்கு முன்னர் பொறியியலாளர்கள் பரீட்சார்த்தமாகச் சில துண்டு நிலங்களில் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். எந்தப் பாரமும் ஏற்றாமலே நிலம் பத்தடி அளவுக்குக் கீழே போனது. ஆகவே கால்வாய் செல்லும் பாதையில் முதலில் மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி, இறங்க வேண்டியதை இறங்கவிட்டு, அதன் பிறகே கால்வாயைக் கட்டினார்கள்.

வன்னி வளவுகளில் இது எங்கே இருக்கும்?

எங்கள் பகுதியில் இருப்பது லோயஸ் அல்ல. இயற்கையாகப் படிந்து, ஒவ்வொரு மாரியிலும் நனைந்து காய்ந்த நிலம் பெரும்பாலும் இறங்க வேண்டியதை எப்போதோ இறங்கி முடித்திருக்கும். கவனிக்க வேண்டியது மனிதர்கள் தோண்டி, திரும்பவும் தளர்வாக நிரப்பிய மண்ணைத்தான். கோடையில் காய்ந்த மண்ணை அள்ளிக் கொட்டி, இடிக்காமல் விட்டால், அது லோயஸ் போலவே வெற்றிடம் நிறைந்த மண்ணாகிறது. மேலே ஓரிரு அடி வெயிலில் இறுகி ஓடு கட்டிக்கொள்ளும். அதன் கீழே தளர்ந்த மண் அப்படியே இருக்கும்.

வளவில் இப்படியான இடங்கள் பல இருக்கலாம். மூடிய பதுங்குகுழிகள், எறிகணை விழுந்த கிடங்குகள், வாகனங்கள் தள்ளி மட்டப்படுத்திய மண் அணைகள், தூர்ந்த கிணறுகள், பழைய மலசலகூடக் குழிகள், வெடிபொருள் அகற்றும்போது தோண்டி மூடிய குழிகள், வேரோடு பிடுங்கிய பெரிய மரங்களின் கிடங்குகள் எல்லாம் இதில் அடங்கும். பதுங்குகுழிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே போட்ட பனங்குற்றிகளை எடுக்காமல் மண்ணால் மூடியிருந்தால், குற்றி உக்கியதும் உள்ளே வெறும் பொந்து மிஞ்சும்.

இந்த இறக்கத்தைக் கறுப்புக் களி நிலத்தின் குணத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முருங்கன் பக்கத்தில் உள்ளதுபோன்ற கறுப்புக் களி நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் நிலத்திலேயே பாளம் பாளமாக வெடிப்புத் தெரியும். அங்கே சுவர் வெடிப்புகள் காலத்துக்குக் காலம் திறந்து மூடும். தளர்ந்த மண்ணிலோ வெடிப்பு மழையோடு வரும், பிறகு மூடாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. களி நிலமாக இருந்தால் இங்கே சொல்லும் முறையைப் பின்பற்றாமல் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் தனியாகக் கேளுங்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

கள உத்தியோகத்தர்களோடு போன ஒரு பயணத்தில், வன்னியில் ஒரு வீட்டைப் பார்த்தேன். ஆவணியில் அத்திவாரம் போட்டு, புரட்டாதி முடிய முன்னர் கூரை போட்டிருந்தார்கள். கார்த்திகையில் குசினிப் பக்க மூலை இறங்கி, யன்னலின் மேல் மூலையிலிருந்து கூரை வரை சுவர் படி படியாகப் பிளந்திருந்தது. பிளவு கீழே நூல் அளவு, மேலே போகப் போக விரல் நுழையும் அளவு. மற்ற மூன்று மூலையும் அசையவில்லை.

"சீமெந்தில ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு மேசனோட சண்டை பிடிச்சனான் தம்பி" என்றார் அந்த அம்மா. ஆனால் சீமெந்து குறைந்ததால் வரும் வெடிப்பு ஒரு மூலையில் மட்டும், அதுவும் மேலே அகன்று வருவதில்லை. மூலை கீழே போகும்போது சுவர் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. அதனால்தான் பிளவு மேலே அகலமாக இருந்தது. குசினிக் கூரைக்குப் பீலி இல்லை. கூரைத் தண்ணீர் முழுவதும் அந்த மூலையில்தான் கொட்டியது. பாத்திரம் கழுவும் தண்ணீரும் அங்கேதான் தேங்கியது.

சுவரை மரக் கட்டைகளால் முட்டுக் கொடுத்த பிறகு, தொழில்நுட்ப உத்தியோகத்தர் அருகில் ஒரு சிறு கிடங்கு வெட்டச் சொன்னார். இரண்டு அடிக்குக் கீழே மண்ணின் நிறம் மாறியது. செம்மண்ணும் சாம்பல் நிற மண்ணும் கலந்து, கிழிந்த மண்மூட்டைத் துண்டுகளும் உக்கிய பனங்குற்றியும் வந்தன. அது ஆறடி ஆழப் பதுங்குகுழி. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் யாரோ மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அத்திவாரம் இரண்டடி ஆழத்தில் இருந்ததால், அதன் கீழே நான்கு அடி தளர்ந்த மண். மூலை இறங்கியது நான்கு அங்குலம். நான்கு அடி என்பது 48 அங்குலம். அதாவது அந்த மண் தன் தடிப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு, நூற்றுக்கு எட்டு வீதம் அளவு, இறங்கியிருக்கிறது.

ஆய்வுகூடத்தில் ஒரு மண் மாதிரியைப் பாரத்தின் கீழ் வைத்து நனைக்கும்போது அது நூற்றுக்கு ஒரு வீதத்துக்குக் குறைவாக இறங்கினால் பிரச்சினை இல்லை என்பார்கள். ஐந்து வீதத்துக்கு மேல் போனால் கட்டடத்துக்கு உண்மையான தொல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த மூலையில் எட்டு. வீடு முழுவதும் நான்கு அங்குலம் ஒரே அளவாக இறங்கியிருந்தால்கூடச் சேதம் குறைவாக இருந்திருக்கும். ஒரு மூலை மட்டும் இறங்கியதே சுவரைக் கிழித்தது. ஆகவே நீங்கள் சோதிக்கும்போது தேட வேண்டியது, நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதை.

நீங்கள் செய்யக்கூடிய நான்கு சோதனைகள்

இவற்றை வீட்டின் வரைவை நிலத்தில் கயிறு கட்டிக் குறித்த பிறகு, அத்திவாரம் வெட்டுவதற்கு முன் செய்யுங்கள்.

முதலாவது, கேட்டுப் பார்த்தல். இது செலவில்லாத சோதனை, பெரும்பாலும் இதுவே போதும். வளவின் பழைய படத்தை ஒரு தாளில் கீறுங்கள். கிணறு, மலசலகூடம், மாட்டுக் கொட்டில், பதுங்குகுழி எங்கே இருந்தன என்று குடும்பத்தின் மூத்தவர்களிடமும் அயலவர்களிடமும் கேளுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் அங்கே யார் இருந்தார்கள், என்ன தோண்டினார்கள் என்பதையும் விசாரியுங்கள். வளவில் நடந்து பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் நிலம் கிண்ணம்போல் தாழ்ந்திருந்தால், அல்லது சுற்றுப் புல்லுக்கு மாறாக ஓரிடத்தில் மட்டும் வேறு பற்றை சதுரமாக வளர்ந்திருந்தால், அதையும் படத்தில் குறியுங்கள்.

இரண்டாவது, வெட்டித் திரும்ப நிரப்புதல். ஒவ்வொரு மூலையிலும் ஒரு அடி அகலம், ஒரு அடி நீளம், இரண்டு அடி ஆழத்தில் கிடங்கு வெட்டுங்கள். வெட்டிய மண்ணை ஒரு படங்கில் போடுங்கள், ஒரு பிடியும் சிந்தக் கூடாது. கிடங்கின் பக்கங்களைப் பாருங்கள். ஒரே நிறமாக, வேர் ஓடிய நுண்ணிய துளைகளோடு இருந்தால் அது பழைய நிலம். நிறங்கள் கலந்து, பொலித்தீன், கரி, செங்கல் துண்டு வந்தால் அது நிரப்பிய மண். பிறகு அதே மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, காலால் நன்றாக மிதித்து இறுக்கிக் கிடங்கை நிரப்புங்கள். மண் மிஞ்சினால் நிலம் ஏற்கெனவே இறுகியிருந்தது என்று பொருள். இது நல்ல அறிகுறி. வெட்டிய மண் முழுவதையும் போட்டும் கிடங்கு நிறையாவிட்டால், அங்கே மண் தளர்வாக, வெற்றிடம் கூடுதலாக இருந்திருக்கிறது. அந்த இடத்தைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, கட்டி உருட்டுதல். கிடங்கின் அடியிலிருந்து, உடையாமல் ஒரு முஷ்டி அளவு மண்கட்டியை எடுங்கள். அதை இரண்டாக உடைத்து, இரண்டும் ஒரே அளவாகும்வரை கத்தியால் செதுக்குங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, கையால் அழுத்தி உருண்டையாக்குங்கள். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நனைந்த உருண்டை கண்ணுக்குத் தெரியும்படி சிறியதாகிவிட்டால், அந்த மண் நனைந்ததும் சுருங்கி இறங்கக் கூடியது. கட்டி எடுக்கவே முடியாமல் உதிர்கிற மணலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

நான்காவது, தண்ணீர் விட்டு அளத்தல். இதுதான் மிக நேரடியான சோதனை. முதல் மூன்றில் ஏதாவது ஒன்று சந்தேகம் தந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒன்றரை அடி சதுரத்தில், அத்திவாரம் இருக்கப்போகும் ஆழம் வரை கிடங்கு வெட்டுங்கள். அடியை மட்டமாக்கி நடுவில் ஒரு சீமெந்துக் கல்லைப் படுக்க வையுங்கள். கிடங்கின் இரு பக்கமும், விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, ஒவ்வொரு முளை அடித்து, அவற்றின் தலையில் ஒரு நேரான தடியை வையுங்கள். தடியின் கீழ்ப்பக்கத்திலிருந்து கல்லின் மேற்பக்கம் வரை உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். முளைகள் தள்ளி இருப்பதற்குக் காரணம் உண்டு. கிடங்கின் ஓரமும் சேர்ந்து இறங்கினால், ஓரத்தில் வைத்த தடி உங்களை ஏமாற்றிவிடும்.

இப்போது தண்ணீர் விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கல்லின் கீழ் மண் அரித்துவிடும், ஆகவே ஒரு சாக்கை விரித்து அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு கிடங்குக்கு இருபது வாளி அளவு, காலையிலும் மாலையிலுமாகப் பிரித்து விட்டால் மண் ஆழமாக நனையும். மறுநாள் அதே இரண்டு இடங்களுக்கிடையில் அளவெடுங்கள். நான்கு கிடங்கிலும் அளவு ஏறக்குறைய மாறாமல் இருந்தால் ஆறுதல். ஒரு கிடங்கில் மட்டும் கல் ஒரு அங்குலமோ கூடவோ இறங்கினால், மூன்று கிடங்கு நன்றாக இருப்பதை நினைத்துத் திருப்திப்படாதீர்கள். அந்த ஒரு மூலைதான் உங்கள் வீட்டைப் பிளக்கப் போகும் மூலை.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. தண்ணீர் போன ஆழம் வரைதான் அது சொல்லும். பத்தடி ஆழத்தில் தூர்ந்த கிணறு இருந்தால் இருபது வாளித் தண்ணீருக்கு அது தெரியாது. அதனால்தான் முதலாவதாகச் சொன்ன விசாரணையை எந்தச் சோதனையாலும் ஈடுசெய்ய முடியாது. அலவாங்கைக் குத்திப் பார்ப்பதும் காய்ந்த நிலத்தில் பயன்தராது. வெயிலில் இறுகிய மேலோடு அதைத் தடுத்துவிடும்.

சந்தேகமான இடம் வந்தால் என்ன செய்வது?

மிக நல்ல வழி, மிக மலிவான வழியும் அதுவே: வீட்டை நகர்த்துங்கள். கயிற்றைக் கழற்றி வேறிடத்தில் கட்டுவதற்குச் செலவில்லை. நிரப்பிய குழியின் விளிம்பிலிருந்து சுவர் குறைந்தது அந்தக் குழியின் ஆழம் அளவு தள்ளியிருக்க வேண்டும். ஆறடிக் குழி என்றால் ஆறடி. தூர்ந்த கிணறு, பழைய மலசலகூடக் குழி என்றால் அதன்மேல் கட்டவே வேண்டாம்.

காணி சிறியது, நகர்த்த இடமில்லை என்றால், தளர்ந்த மண்ணை முழுவதும் அகற்றி, அடியில் பழைய நிலம் தெரியும்வரை போக வேண்டும். பனங்குற்றி, மூட்டை, குப்பை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பிறகு நல்ல மண்ணை அல்லது கிரவலை ஆறு அங்குலத் தடிப்புக்குப் பரப்பி, ஈரமாக்கி, இடிகட்டையால் இடித்து, அது நான்கு அங்குலம் அளவுக்கு இறுகிய பின்னர் அடுத்த படையைப் போட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை அழுத்துங்கள். உருண்டையாக நின்று, விரலால் அமத்தும்போது இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. உதிர்ந்தால் ஈரம் போதாது, கையில் தண்ணீர் கசிந்தால் ஈரம் கூட. ஒரேயடியாக நிரப்பிவிட்டு மேலே மட்டும் இடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இடியின் பலம் ஓரடிக்குக் கீழே போகாது. நெஞ்சளவுக்கு மேல் ஆழமான கிடங்கில் ஆள் இறங்கி வேலை செய்யவும் வேண்டாம். தளர்ந்த மண்ணின் பக்கங்கள் முன்னறிவிப்பின்றிச் சரியும். அப்படியான ஆழத்துக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேற்பார்வை தேவை.

"மாரி முழுவதும் விட்டால் தானே இறங்கிவிடும்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். அரைவாசி சரி. கலிபோர்னியாவில் செய்ததும் அதைத்தான். ஆனால் தண்ணீர் கட்டும்போது மண் தன் சொந்தப் பாரத்தால் மட்டுமே இறங்குகிறது. ஆழத்தில் உள்ள மண் மேலுள்ள மண்ணின் பாரத்தால் நன்றாக இறுகும். மேலே உள்ள மூன்று நான்கு அடிக்குப் பாரம் இல்லாததால் அது பெரிதாக இறுகாது. வீட்டின் பாரம் வந்து உட்காரப் போவது அந்த மேல் அடிகளில்தான். ஆகவே மாரிக்குப் பிறகு கட்டினாலும் மேல் மண்ணை வெட்டி, படை படையாக இடித்தே தீரவேண்டும்.

எந்த மண்ணாக இருந்தாலும் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கூரைக்குப் பீலி போட்டு, தண்ணீரைப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். வீட்டைச் சுற்றி நிலம் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். குளிக்கும் இடம், தண்ணீர்க் குழாய், பாத்திரம் கழுவும் மேடை, வாழைப் பாத்தி ஆகியவற்றைச் சுவரோடு வைக்காதீர்கள். வாழைக்குத் தினமும் ஊற்றும் தண்ணீர், ஒரு மாரி மழையைவிட ஆழமாக அத்திவாரத்தின் கீழே போகும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் வெடிப்பு வந்திருந்தால், உடனே சீமெந்து பூசி மூடாதீர்கள். பூசினால் அது இன்னும் நகர்கிறதா என்று தெரியாமல் போகும். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதியையும் அகலத்தையும் சுவரிலேயே எழுதுங்கள். அந்த மூலைக்குப் போகும் தண்ணீரை அன்றைக்கே திருப்புங்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பாருங்கள். கோடு தாண்டி வெடிப்பு நீண்டால், கதவு, யன்னல் இறுகினால், அல்லது பிளவுக்குள் விரல் நுழைந்தால், அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். அத்திவாரத்தின் கீழ் நீங்களாகத் தோண்டவும் வேண்டாம். சுவருக்கு முட்டுக் கொடுத்து, சிறு சிறு துண்டாகத் தோண்டி அடியைப் பலப்படுத்துவது அனுபவமுள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

அத்திவாரத்துக்கான முதல் தவணைப் பணம் கைக்கு வரும்போது மேசனும் கல்லும் மணலும் காத்துக்கொண்டு நிற்கும். அந்த அவசரத்தில் சோதனைக்கு நேரம் கிடைக்காது. ஆகவே பணம் வருவதற்கு முன்னரே, வளவின் படத்தைக் கீறி, நான்கு கிடங்கையும் வெட்டித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எடுத்த அளவுகளைத் தேதியோடு இந்தக் கையேட்டின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அத்திவாரம் பார்க்க வரும் நாளில் முதலில் அதைக் காட்டுங்கள். எந்த மூலையை அவர் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது அப்போது அவருக்குத் தெரியும்.